மெக்கானிக்கலிலிருந்து டேட்டா சயின்ஸுக்கு: எஸ்ஓபியின் முதல் பத்தியில் எது இருக்க வேண்டும்?

கேள்வி: "அண்ணா யுனிவர்சிட்டி இணைப்புக் கல்லூரியில் 2021-இல் மெக்கானிக்கல் முடித்தேன், சிஜிபிஏ 7.4. மூன்று வருடமாக ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை. டேட்டா சயின்ஸ் முதுகலைக்கு இங்கிலாந்து, ஜெர்மனி இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறேன். ஏன் துறை மாறுகிறேன் என்பதை எஸ்ஓபியில் எப்படி எழுதுவது? கேஸ் வெஸ்டர்ன் பேரிங் தரவை வைத்துச் செய்த ப்ராஜெக்டில் 99.2% அக்யூரசி வந்தது, அதைத்தான் முதல் பத்தியில் வைத்திருக்கிறேன். வேலையில் 22 பம்புகளின் வைப்ரேஷனை வாரம் ஒருமுறை எடுத்து 14 மாதமாக எக்செலில் போட்டு வருகிறேன், அதில் 5 பேரிங் போனது. இது சாதாரண வேலை என்பதால் எழுதவில்லை. நான்காம் செமஸ்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் அரியர் இருந்து அடுத்த முறை பாஸ் செய்தேன், அதைச் சொல்ல வேண்டுமா?"

முதல் பத்தியில் இருக்க வேண்டியது 99.2 அல்ல, எழுதத் தேவையில்லை என்று நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த எக்செல் கோப்புதான். நானும் மெக்கானிக்கல் படித்தவன். ஒன்பது ஆண்டுகள் சுழலும் இயந்திரங்களின் அதிர்வைப் பகுத்துப் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டுப் புள்ளியியல் பக்கம் வந்தேன். கடந்த ஆறு ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தின் முதுகலைச் சேர்க்கைக் குழுவில் இத்தகைய விண்ணப்பங்களைப் படித்து வருகிறேன். கீழே சொல்வதில் கணக்கும் தரவும் பற்றியவை உறுதியானவை. படிப்பவர் மனத்தில் எது எவ்வளவு எடையுடன் நிற்கும் என்பது என் அனுபவத்திலிருந்து வரும் கணிப்பு; வேறொரு துறையில் வேறொருவர் சற்று மாற்றி எடை போடலாம்.

துறை மாற்றத்தை நியாயப்படுத்த வேண்டும் என்ற கவலைதான் உங்கள் கேள்வியின் மையத்தில் இருக்கிறது. அந்தக் கவலை தேவையற்றது. டேட்டா சயின்ஸ் வகுப்பில் மெக்கானிக்கல், சிவில், இயற்பியல் படித்தவர்கள் இருப்பது வழக்கமான ஒன்று. அதற்காக யாரும் விளக்கம் கேட்பதில்லை. விண்ணப்பத்தைக் கையில் எடுப்பவர் முதலில் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிறார், அதன் பிறகுதான் உங்கள் எழுத்துக்கு வருகிறார். அப்போது அவர் மனத்தில் இரண்டு ஐயங்கள் இருக்கும். முதல் செமஸ்டரில் வரும் புள்ளியியலையும் நிரலாக்கத்தையும் இவரால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பது ஒன்று. படிப்பு முடியும்போது இவர் என்ன செய்ய விரும்புகிறார் என்பது இவருக்கே தெரியுமா என்பது மற்றொன்று. தரவு உலகை ஆள்கிறது என்றோ, சிறு வயதிலிருந்தே எண்களில் ஆர்வம் என்றோ தொடங்கும் பத்தி இந்த இரண்டில் எதையும் தீர்ப்பதில்லை. அடுக்கிலுள்ள மற்ற விண்ணப்பங்களிலும் ஏறக்குறைய அதே பத்திதான் இருக்கிறது.

உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 22 பம்புகள், 14 மாதங்கள், 5 பேரிங் பழுதுகள். பேச்சு எளிதாக இருக்கப் பம்புக்கு ஒரு பேரிங் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இரு முனைகளிலும் தனித்தனி அளவுகள் இருந்தால் எண்ணிக்கையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பழுதான ஐந்தும் ஐந்து வெவ்வேறு பம்புகளில், பதிவு தொடங்கியதிலிருந்து 5, 7, 8, 10, 12 ஆகிய மாதங்களில் போயின என்றும் கொள்வோம். "ஒரு பேரிங் எத்தனை மாதம் தாங்கும்?" என்று மேலாளர் கேட்டால் பெரும்பாலானோர் இந்த ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுப்பார்கள். விடை 8.4 மாதம். அந்த விடையை நம்பினால் எட்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பம்புகளையும் திறந்து பேரிங் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் மீதிப் பதினேழு பம்புகள் பதினான்கு மாதமும் ஓடி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஆயுள் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. பதினான்கு மாதத்துக்கு மேல் என்பது மட்டும் தெரியும். அந்தச் செய்தி முழுவதையும் 8.4 என்ற எண் தூக்கி எறிந்துவிட்டது.

இப்போது வேறு விதமாகக் கணக்கிடுங்கள். 22 பம்புகள் 14 மாதம் ஓடியதால், பழுதான இடங்களில் போட்ட புதிய பேரிங்குகள் ஓடிய காலத்தையும் சேர்த்து, மொத்தம் 308 பம்பு-மாதங்கள். அதில் ஐந்து பழுதுகள். 308-ஐ 5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 62 மாதம். அதே கோப்பிலிருந்து ஒரு வழியில் 8.4 வருகிறது, இன்னொரு வழியில் 62 வருகிறது. இந்த இரண்டாவது எண்ணும் இறுதி விடை அல்ல. எந்த வயதிலும் பழுதாகும் வாய்ப்பு ஒன்றே என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. தேய்ந்து போகிற ஒரு பொருளுக்கு அது பொருந்தாது. பதிவு தொடங்கிய நாளில் அந்த பேரிங்குகள் ஏற்கெனவே எவ்வளவு காலம் ஓடியிருந்தன என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. வயது கூடக் கூடப் பழுதாகும் வாய்ப்பும் கூடுவதைக் கணக்கில் கொள்ள வைபுல் பரவலும், இன்னும் முடிவு தெரியாத நோக்கீடுகளை வீணாக்காமல் பயன்படுத்த சர்வைவல் அனாலிசிஸ் என்ற புள்ளியியல் பிரிவும் இருக்கின்றன. துறையில் இத்தகைய நோக்கீட்டைச் சென்சார்டு என்பார்கள். உங்கள் பதினேழு பம்புகளும் சென்சார்டு நோக்கீடுகள்.

ஏன் துறை மாறுகிறீர்கள் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. உங்கள் இயந்திரம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டது. அதற்கு விடை சொல்லப் படித்த படிப்பு போதவில்லை. எந்த இடத்தில் போதவில்லை என்பதை உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் நியாயப்படுத்தும் பத்தி என்று தனியாக எதுவும் தேவைப்படாது.

இன்னும் ஒன்றையும் நினைவூட்டுகிறேன். மெஷின் எலிமென்ட்ஸ் வடிவமைப்புத் தாளில் பிஎஸ்ஜி டிசைன் டேட்டா புக்கைப் புரட்டி பேரிங் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அங்கே வரும் எல்10 ஆயுள் என்ன சொல்கிறது? பந்து பேரிங்குக்கு, அதன் இயங்குச் சுமைத் திறனை அதன்மீது விழும் சுமையால் வகுத்து, அதன் மும்மடியை எடுத்தால் மில்லியன் சுற்றுகளில் ஆயுள் கிடைக்கும். ஒரே மாதிரியான பேரிங்குகளில் 90 சதவீதம் அந்த ஆயுளைக் கடக்கும், 10 சதவீதம் அதற்குள் போய்விடும். அது நிகழ்தகவு பற்றிய கூற்று. அட்டவணையில் பார்த்து எண்ணை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டதால் நம்மில் பலருக்கு அது அப்படித் தோன்றவில்லை. எல்10-ஐக் கையால் கணக்கிட்ட ஒருவர், ஆலையில் தம் பம்புகளின் பதிவைப் பார்த்து "அட்டவணை சொன்ன ஆயுளும் இங்கே நடப்பதும் ஏன் வேறுபடுகின்றன?" என்று கேட்பது துறையை விட்டு ஓடுவது ஆகாது. இந்தத் தொடர்ச்சியை ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

முதல் பத்தி எப்படி அமையலாம் என்பதைத் தமிழில் தருகிறேன். எண்களும் நிகழ்வுகளும் உங்கள் கோப்பில் உள்ளபடி இருக்க வேண்டும், வாக்கியங்களும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். "நான் பராமரிப்பில் இருக்கும் ஆலையில் 22 மையவிலக்குப் பம்புகள் உள்ளன. 14 மாதங்களாக ஒவ்வொரு வாரமும் அவற்றின் பேரிங் உறையில் அதிர்வை அளந்து பதிவு செய்து வருகிறேன். அந்தக் காலத்தில் ஐந்து பேரிங்குகள் பழுதாயின. அவற்றில் மூன்று, நாங்கள் வைத்திருந்த எச்சரிக்கை எல்லையைத் தொடாமலே பழுதாயின. அடுத்து எது எப்போது என்று கேட்கப்பட்டபோது பழுதான ஐந்தின் சராசரியைச் சொன்னேன். ஓடிக்கொண்டிருக்கும் பதினேழு பம்புகளைப் பற்றி அந்தச் சராசரி எதுவுமே சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பதினேழையும் கணக்கில் சேர்ப்பது எப்படி என்று தேடத் தொடங்கியதே இந்தப் படிப்பை நோக்கி என்னைக் கொண்டுவந்தது." இதில் ஆர்வம், கனவு, பேரவா என்று எந்தச் சொல்லும் இல்லை. ஆயினும் படிப்பவருக்கு இவர் யார், என்ன செய்தார், எங்கே தடுக்கி நின்றார் என்பது தெளிவாகத் தெரிகிறது.

"எல்லையைத் தொடாமலே" என்ற அந்தச் சிறு தொடர் உங்கள் கோப்பில் உண்மையாக இருக்குமானால் அதை விடாதீர்கள். கையடக்க மீட்டர் காட்டும் மொத்த அதிர்வு வேகத்தில் பெரும்பங்கு, சமநிலைக் குறைபாட்டிலிருந்தும் தண்டுகள் நேர்கோட்டில் இல்லாததிலிருந்தும் வருவது. பேரிங்கில் தொடக்க நிலைப் பழுது உயர் அதிர்வெண்ணில் சிறு தட்டல்களாக வெளிப்படும். மொத்த வேகத்தில் அது மூழ்கிப்போய்விடும். ஆகவே எண் எச்சரிக்கை எல்லைக்குள்ளேயே இருக்க, பேரிங் போய்க்கொண்டிருக்கும். இதை அறிந்த விண்ணப்பதாரர், அளவீடு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்ற உணர்வோடு வருகிறார். கணினி அறிவியல் மட்டும் படித்தவரிடம் இது எளிதில் கிடைக்காது. மெக்கானிக்கல் பின்னணியால் உங்களுக்குக் கிடைக்கும் அனுகூலம் இதுதான்.

இனி 99.2. கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் பேரிங் தரவு இந்தத் துறையில் எல்லாரும் கைவைத்த ஒன்று. 2 குதிரைத்திறன் மோட்டார். இயக்கு முனையில் 6205 வகை பேரிங். மின்பொறி அரிப்பு முறையில் 0.007, 0.014, 0.021 அங்குல விட்டமுள்ள குழிகளை உள் வளையத்திலும் வெளி வளையத்திலும் பந்திலும் உண்டாக்கி, விநாடிக்கு 12,000 புள்ளிகள் என்ற வேகத்தில் அதிர்வைப் பதிவு செய்தார்கள்; ஒரு பகுதிக்கு 48,000. இதைப் படிக்கிற பேராசிரியருக்குத் தரவு தெரியும். அதில் 99-க்கு மேல் எடுப்பது எவ்வளவு எளிது என்பதும், ஏன் எளிது என்பதும் தெரியும். எனவே அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, "பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தார்?" என்பதுதான்.

நீங்களும் பலரைப் போலவே செய்திருந்தால், நீண்ட பதிவை 1024 புள்ளிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, அடுத்தடுத்த துண்டுகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, எல்லாவற்றையும் கலைத்து, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு எடுத்திருப்பீர்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1797 சுற்று, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 30 சுற்று. விநாடிக்கு 12,000 புள்ளிகள் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 400 புள்ளிகள். 1024 புள்ளித் துண்டு என்பது இரண்டரைச் சுற்று. சோதனைக்குப் போன ஒரு துண்டின் முதல் பாதி முந்தைய துண்டிலும் இரண்டாம் பாதி அடுத்த துண்டிலும் இருக்கின்றன. அந்த இரண்டும் பெரும்பாலும் பயிற்சியில் இருக்கின்றன. படியாமல் வெட்டினாலும் சிக்கல் தீராது. அதே பேரிங், அதே பொருத்தம், அதே பத்து விநாடி ஓட்டம் இரு பக்கத்திலும் நிற்கின்றன. மாதிரி கற்றுக்கொள்வது வெளி வளையப் பழுது எப்படி இருக்கும் என்பதையா, அந்தக் குறிப்பிட்ட பதிவு எப்படி இருக்கும் என்பதையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மெட்ராலஜி ஆய்வகத்தில் ஒரே பணிப்பொருளைப் பத்து முறை அளந்துவிட்டு லாட் முழுவதும் டாலரன்ஸுக்குள் இருக்கிறது என்று கையெழுத்திட்டால் ஆசிரியர் விடுவாரா? இங்கே நடப்பதும் அதுவே.

சுமையை வைத்துப் பிரித்தால் தீர்ந்துவிடும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். 0 முதல் 2 குதிரைத்திறன் வரை பயிற்சி, 3 சோதனை என்று. அந்தச் சுமைகள் எல்லாவற்றிலும் ஓடியது அதே பழுதான பேரிங்தான் என்பதால் அதுவும் முழுத் தீர்வு அல்ல. ஒரே இடத்துப் பழுதை எடுத்துக்கொண்டால், அதன் அளவு மாறினால்தான் பேரிங்கும் மாறுகிறது. எனவே இரண்டு அளவுகளில் பயிற்சி கொடுத்து, மூன்றாவது அளவில் சோதிப்பதே நேர்மையான வழி. பழுதில்லாத நிலைக்குத் தனித்தனி பேரிங்குகளின் பதிவுகள் இல்லாததால் அந்த வகுப்பை விட்டுவிட்டு, பழுது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கண்டறியச் சொல்லுங்கள். உங்கள் நிரலில் மாற்றம் சில வரிகள்தான்:

```python
from sklearn.model_selection import LeaveOneGroupOut, cross_val_score

# y: inner / outer / ball
# fault_size: 0.007, 0.014, 0.021
scores = cross_val_score(model, X, y,
                         groups=fault_size,
                         cv=LeaveOneGroupOut())
print(scores)
```

மூன்று எண்கள் வரும். அவை 99-க்குப் பக்கத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எவ்வளவு இறங்கும் என்பது உங்கள் மாதிரியையும் நீங்கள் எடுத்த பண்புக்கூறுகளையும் பொறுத்தது. அந்த இறக்கத்தை மறைக்காமல் எழுதுங்கள். "கலைத்துப் பிரித்தபோது 99.2, பேரிங் வாரியாகப் பிரித்தபோது இவ்வளவு, காரணம் இது" என்ற மூன்று தொடர்கள், 99.2 என்ற ஒற்றை எண்ணைவிடப் பல மடங்கு நம்பிக்கை தரும். நேர்காணல் ஒன்றில் இத்தகைய எண்ணோடு வந்த ஒருவரிடம் எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டோம். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. நல்ல மதிப்பெண்கள் இருந்தும் அவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஒரு மாலை நேரம் செலவிட்டிருந்தால் அவரே அதைக் கண்டுபிடித்திருப்பார்.

இறக்கத்துக்கான காரணத்தைச் சொல்லும் இடத்திலும் உங்கள் படிப்பு கைகொடுக்கும். 6205-இல் ஒன்பது பந்துகள். அதன் அளவுகளை வைத்துக் கணக்கிட்டால், தண்டு ஒருமுறை சுற்றும்போது வெளி வளையத்தில் ஓரிடத்தைப் பந்துகள் ஏறக்குறைய 3.58 முறை கடக்கின்றன. 1797 சுற்று வேகத்தில் விநாடிக்குச் சுமார் 107 தட்டல். குழி சிறிதானாலும் பெரிதானாலும் இந்த எண்ணிக்கை மாறாது. தட்டலின் வலிமைதான் மாறும். எனவே வலிமையை நம்பிக் கற்ற மாதிரி வேறொரு குழியளவில் தடுமாறுவதும், தட்டலின் எண்ணிக்கையைக் காட்டும் உறை நிறமாலையிலிருந்து கற்ற மாதிரி ஓரளவு தாங்குவதும் எதிர்பார்க்கத்தக்கவை. இந்தத் தரவின் எல்லாப் பதிவுகளிலும் அந்த அதிர்வெண் தெளிவாகத் தெரிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆகவே செய்து பார்க்காமல் எஸ்ஓபியில் எழுதிவிட வேண்டாம்.

அரியரைப் பற்றி. பொதுவாக ஓர் அரியரைத் தேடிப்போய் எழுத வேண்டியதில்லை என்றே சொல்வேன். வெப்பவியலிலோ தெர்மல் லேபிலோ இருந்திருந்தால் விட்டுவிடச் சொல்லியிருப்பேன். உங்களுடையது ஸ்டாட்டிஸ்டிக்ஸில் இருப்பதால் நிலைமை வேறு. 2017 விதிமுறையில் நான்காம் செமஸ்டரில் வரும் புள்ளியியலும் எண்முறைகளும் என்ற தாள், கருதுகோள் சோதனை, பரிசோதனை வடிவமைப்பு, சமன்பாடுகளின் எண்முறைத் தீர்வு, இடைச்செருகல், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவற்றைக் கொண்டது. மெக்கானிக்கல் மாணவர் ஒருவரின் பட்டியலில் டேட்டா சயின்ஸுக்கு மிக நெருக்கமான தாள் எது என்று தேடும் கண் நேராக அதில்தான் போய் நிற்கும். தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் பட்டியலில் இருப்பதால் தாமதமும் தெரியும். நீங்கள் பேசாமல் விட்டால், படிப்பவர் தாமாக ஒரு முடிவுக்கு வருவார். எனவே இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்தத் தாளில் முதல் முறை தேர்ச்சி பெறவில்லை, மறுமுறை பெற்றேன் என்பது ஒன்று. அதன் பிறகு அதே பொருளில் என்ன செய்தேன் என்பது அடுத்தது. சோதனையைப் பிரித்த முறையும் பம்புக் கணக்கும் ஏற்கெனவே பக்கத்தில் இருப்பதால், இரண்டாவது வாக்கியம் அவற்றைச் சுட்டினால் போதும். உடல்நிலை, குடும்பச் சூழல் போன்ற காரணம் உண்மையிலேயே இருந்திருந்தால் ஒரு சிறு தொடரில் சொல்லலாம். இல்லாத காரணத்தைத் தேட வேண்டாம். முதல் செமஸ்டரிலேயே பைத்தான் தாள் இருந்ததையும் இங்கேயே ஒரு தொடரில் குறிப்பிடுங்கள்; மெக்கானிக்கல் பாடத்திட்டத்தில் நிரலாக்கம் உண்டு என்பது வெளிநாட்டில் படிப்பவருக்குத் தெரிந்திருக்காது.

இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். ஜெர்மனியில் பல முதுகலைப் படிப்புகளுக்குக் கணிதத்திலும் கணினியியலிலும் இத்தனை கிரெடிட் என்ற தகுதி நிபந்தனை உண்டு. அது குறைந்தால், கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது படிக்கப்படும் நிலைக்கே வராமல் போகலாம். மெக்கானிக்கல் பட்டத்தில் கணிதம் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும், கணினியியலில்தான் இடிக்கும். எனவே கடிதத்தில் உட்காரும் முன், அந்தந்தப் படிப்பின் சேர்க்கை விதிகளை எடுத்து, உங்கள் தாள்களை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். எண்முறைகள், வரம்புறு உறுப்பு முறை போன்ற தாள்களின் பாடத்திட்ட விவரத்தை இணைத்தால் அவற்றைக் கணிதத்தில் சேர்க்கச் சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள், சில இடங்களில் ஒப்புவதில்லை. துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுவதே நல்லது. இங்கிலாந்தில் முழுநேர முதுகலை பொதுவாக ஓராண்டு, 180 கிரெடிட்; அதில் ஆய்வேடு பெரும்பாலும் 60. காலம் குறைவு என்பதால், வந்து தேடிக்கொள்கிறேன் என்பவரைவிட ஆய்வேட்டுக்கு ஒரு கேள்வியோடு வருபவரை அவர்கள் எளிதில் நம்புவார்கள். உங்களிடம் கேள்வி இருக்கிறது.

ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்ற பகுதியில் தரவரிசையையும் நகரின் அழகையும் விட்டுவிடுங்கள். மாட்யூல் கையேட்டைத் திறந்து சர்வைவல் அனாலிசிஸ் எந்தத் தாளில் வருகிறது என்று தேடுங்கள். தனித் தாளாக இருக்கலாம், உயிரியல் புள்ளியியலுக்குள் ஒளிந்திருக்கலாம், நம்பகத்தன்மைப் பொறியியல் என்ற பெயரில் பக்கத்துத் துறையில் இருக்கலாம். கிடைத்தால் அந்தத் தாளின் பெயரையும், அது உங்கள் பதினேழு பம்புகளுக்கு என்ன செய்யும் என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் காலத்தொடர் பற்றிய தாளைப் பிடியுங்கள்; வாராந்தர அதிர்வு அளவுகள் அதற்கு நேராகப் பொருந்தும். இரண்டும் இல்லாத படிப்பு உங்களுக்கு உகந்ததுதானா என்று ஒருமுறை யோசித்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, அவர்கள் கொடுத்த வரம்பே விதி. 700 சொற்கள் என்றால் நான் ஏறக்குறைய 250-ஐ பம்புக்கும், 180-ஐ பேரிங் ப்ராஜெக்டுக்கும், 100-ஐக் கணிதத்துக்கும் அரியருக்கும், மீதியைப் படிப்புக்கும் அதன் பிறகு என்ன என்பதற்கும் கொடுப்பேன். இந்தப் பிரிவு என் விருப்பம். இதற்குக் கணக்கு எதுவும் இல்லை.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உங்கள் எக்செலில் உள்ள ஐந்து தேதிகளையும் ஸ்டோர்ஸின் உதிரிபாக வழங்கல் பதிவேட்டோடும் வேலை ஆணைகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மெயின்டனன்ஸில் இருப்பதால் உங்களுக்கே தெரியும்: சீல் கசிகிறது என்று பம்பைத் திறப்போம், திறந்ததுதான் திறந்தோம் என்று நன்றாக இருக்கும் பேரிங்கையும் மாற்றிவிடுவோம். அப்படி மாற்றியது ஐந்தில் ஒன்றாக இருந்தால் அது பழுது அல்ல. அந்த பேரிங் இன்னும் எவ்வளவு காலம் ஓடியிருக்கும் என்று தெரியாத நிலையில் நாம் எடுத்துவிட்டோம், எனவே அதுவும் அந்தப் பதினேழோடு சேரும். பழுதுகள் நான்காகும், 308-ஐ நான்கால் வகுத்தால் 62 என்பது 77 ஆகும், உங்கள் முதல் பத்தியின் எண்ணும் மாறும். நேர்காணலில் இந்தக் கேள்வி வந்தால் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தவராக நீங்கள் பேச வேண்டும்.